ஒரு டிரைபெப்டைடை வரைவது எப்படி: குளுட்டமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசினை வைத்து

கேள்வித்தாளில் Glu-Cys-Gly என்று மட்டும் இருக்கும். அதன் கட்டமைப்பை வரைந்து, பெப்டைடு பிணைப்புகளையும் இரண்டு முனைகளையும் குறிக்கச் சொல்வார்கள். முதன்முறை இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் மூன்று அமினோ அமிலங்களையும் தனித்தனியாக வரைந்துவிட்டு, ஒன்றின் OH-ஐயும் அடுத்ததன் H-ஐயும் வட்டமிட்டு, நீரை வெளியே தள்ளி ஒட்டவைக்கப் பார்ப்பார்கள். வினை எப்படி நடக்கிறது என்று விளக்க அது சரியான படம்தான். கட்டமைப்பை வரைய அது மோசமான வழி. ஒட்டும் இடத்தில் ஒரு ஹைட்ரஜன் கூடுதலாக நின்றுவிடும், அல்லது பக்கச் சங்கிலியில் இருக்கும் COOH-ஐ எடுத்து ஒட்டிவிடுவார்கள்.

அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. எந்த அமினோ அமிலம் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, எல்லா டிரைபெப்டைடுகளுக்கும் பொதுவான முதன்மைச் சங்கிலியை முதலில் வரைய வேண்டும். பக்கச் சங்கிலிகளைப் பிறகு தொங்கவிட்டால் போதும்.

தொடங்கும் முன்

வரிசையை எப்போதும் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். இடது கோடியில் இருக்கும் அமினோ அமிலத்தின் அமினோ தொகுதி எதோடும் சேராமல் இருக்கும், அதுதான் N-முனை. வலது கோடியில் இருப்பதன் கார்பாக்சில் தொகுதி எதோடும் சேராமல் இருக்கும், அதுதான் C-முனை. இந்த மரபு மாறவே மாறாது. ஆகவே Glu-Cys-Gly-யும் Gly-Cys-Glu-வும் ஒரே பொருளின் இரண்டு பெயர்கள் அல்ல. வாய்பாடு ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு மூலக்கூறுகள். ஓர் எழுத்துக் குறியீட்டில் இதே வரிசை ECG என்று வரும். இதயப் பரிசோதனையோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

பக்கச் சங்கிலிகள் தெரிந்திருக்க வேண்டும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது. நமக்கு இங்கே மூன்றே போதும். குளுட்டமிக் அமிலத்துக்கு CH2-CH2-COOH, சிஸ்டீனுக்கு CH2-SH, கிளைசினுக்கு வெறும் H.

முதல் படி: ஒன்பது அணுக்கள்

ஒவ்வொரு அமினோ அமிலமும் முதன்மைச் சங்கிலிக்கு மூன்று அணுக்களைத் தருகிறது: அமினோ நைட்ரஜன், பக்கச் சங்கிலியைத் தாங்கும் ஆல்ஃபா கார்பன், பிறகு கார்பாக்சிலின் கார்பன். மூன்று அமினோ அமிலங்கள் என்றால் ஒன்பது அணுக்கள். அவற்றை எண் போட்டு ஒரே வரியில் எழுதுங்கள்.

```
1   2   3   4   5   6   7   8   9
N - C - C - N - C - C - N - C - C
```

1, 2, 3 குளுட்டமிக் அமிலத்துடையவை. 4, 5, 6 சிஸ்டீனுடையவை. 7, 8, 9 கிளைசினுடையவை. தாளில் இதை மேலும் கீழுமாக வளைந்து செல்லும் கோடாக வரைவது நல்லது. 1-ஐக் கீழே வைத்துத் தொடங்கினால் 2 மேலே, 3 கீழே, 4 மேலே என்று போகும். எண்களைப் பென்சிலால் போட்டு வையுங்கள். கடைசிப் படிவரை அவை உதவும்.

இரண்டாம் படி: ஆக்சிஜனும் ஹைட்ரஜனும்

ஒவ்வொரு மூன்றாவது அணுவுக்கும், அதாவது 3, 6, 9 ஆகிய கார்பன்களுக்கு, இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜன் போடுங்கள். வளைகோட்டில் அந்தக் கார்பன் கீழே இருந்தால் ஆக்சிஜனும் கீழ்நோக்கி, மேலே இருந்தால் மேல்நோக்கி. 9-ஆம் கார்பன் மட்டும் சங்கிலியின் கடைசி. அதற்கு அடுத்து நைட்ரஜன் இல்லாததால் இன்னோர் ஆக்சிஜன் சேர வேண்டும்.

நைட்ரஜன்களில் 4-க்கும் 7-க்கும் ஒவ்வொரு ஹைட்ரஜன். 1-ஆம் நைட்ரஜன் கோடியில் இருப்பதால் அதற்கு ஒன்றுக்கு மேல் வரும். மின்சுமையைப் பார்க்கும்போது அதை முடிவு செய்வோம்.

இப்போது 3-ஆம் அணுவின் ஆக்சிஜன் கீழ்நோக்கியும், 4-ஆம் அணுவின் ஹைட்ரஜன் மேல்நோக்கியும் இருக்கும். இயற்கையில் இருக்கும் பெப்டைடுகளும் பெரும்பாலும் இந்த எதிரெதிர் அமைப்பில்தான், அதாவது டிரான்ஸ் அமைப்பில்தான், இருக்கின்றன. வளைகோட்டை ஒழுங்காக வரைந்தால் இது தானாகவே அமைந்துவிடும்.

மூன்றாம் படி: பக்கச் சங்கிலிகள்

2, 5, 8 ஆகியவை ஆல்ஃபா கார்பன்கள். பக்கச் சங்கிலி இவற்றில் மட்டுமே வரும். 2-இல் CH2-CH2-COOH, 5-இல் CH2-SH. 8-இல் போட ஒன்றுமில்லை. அது CH2 ஆகவே நிற்கும்.

சுமைகளைப் பிறகு பார்க்கலாம் என்று நடுநிலை வடிவத்தை எழுதினால் இப்படி வரும்:

```
        O       O
        ‖       ‖
 H2N-CH-C-NH-CH-C-NH-CH2-COOH
     |       |
     CH2     CH2
     |       |
     CH2     SH
     |
     COOH
```

முப்பரிமாண அமைப்பும் கேட்டிருந்தால், அதாவது எல்லாம் L வகை என்று காட்ட வேண்டுமானால், மேலே சொன்ன வளைகோட்டில் N-முனை இடப்பக்கம் இருக்கும்வரை ஒரு விதி போதும். ஆல்ஃபா கார்பன் மேல் மடிப்பில் இருந்து பக்கச் சங்கிலி மேல்நோக்கிப் போனால், அதைத் தடித்த ஆப்புக்கோட்டால் வரையுங்கள். கீழ் மடிப்பில் இருந்து கீழ்நோக்கிப் போனால் கீற்றுக்கோட்டால் வரையுங்கள். இங்கே 2 மேலே இருக்கிறது, அதனால் குளுட்டமிக் அமிலத்துக்கு ஆப்புக்கோடு. 5 கீழே இருக்கிறது, அதனால் சிஸ்டீனுக்குக் கீற்றுக்கோடு. கோடு மாறுவதைப் பார்த்து ஒன்று L, மற்றது D என்று நினைத்துவிட வேண்டாம். சங்கிலி திரும்புவதால் கோடு மாறுகிறது, இரண்டுமே L தான். கிளைசினின் ஆல்ஃபா கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்கள் இருப்பதால் அங்கே L, D என்ற பேச்சே இல்லை. ஆப்புக்கோடு போட்டால் மதிப்பெண் குறையும்.

நான்காம் படி: பெப்டைடு பிணைப்புகளைக் குறிப்பது

எண் போட்டு வைத்ததன் பலன் இங்கே தெரியும். ஒரு அமினோ அமிலத்தின் கடைசி அணுவையும் அடுத்ததன் முதல் அணுவையும் சேர்க்கும் கோடுதான் பெப்டைடு பிணைப்பு. நம் படத்தில் 3-க்கும் 4-க்கும் நடுவே ஒன்று, 6-க்கும் 7-க்கும் நடுவே ஒன்று. மொத்தம் இரண்டு. மூன்று அமினோ அமிலங்கள் என்பதால் மூன்று பிணைப்புகள் என்று எழுதுபவர்கள் உண்டு. சங்கிலி வளையமாகாதவரை எண்ணிக்கை எப்போதும் ஒன்று குறைவாகத்தான் இருக்கும்.

குறிக்கும்போது அந்த C-N கோட்டின் மேல் அம்பு போடுங்கள். C=O மீது வட்டமிட்டால் அது பெப்டைடு பிணைப்பைக் குறிப்பதாகாது. 4-க்கும் 5-க்கும் நடுவே இருப்பதும் நைட்ரஜன்-கார்பன் பிணைப்புதான், ஆனால் அது பெப்டைடு பிணைப்பு அல்ல. அந்தக் கார்பனில் ஆக்சிஜன் இல்லை என்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நீளத்திலும் வேறுபாடு உண்டு: பெப்டைடு பிணைப்பு சுமார் 1.33 ஆங்ஸ்ட்ராம், நைட்ரஜனுக்கும் ஆல்ஃபா கார்பனுக்கும் நடுவே இருப்பது சுமார் 1.46 ஆங்ஸ்ட்ராம். நைட்ரஜனின் தனி இணை எலக்ட்ரான்கள் பக்கத்தில் உள்ள C=O பக்கம் பரவியிருப்பதால் பெப்டைடு பிணைப்புக்குப் பாதி இரட்டைப் பிணைப்பின் குணம் வந்துவிடுகிறது. அதனால்தான் அது குட்டையாகவும், சுழல முடியாமல் தட்டையாகவும் இருக்கிறது.

எண் போடாத படத்தைக் கொடுத்து, பெப்டைடு பிணைப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளும் வரும். அப்போது C=O-வை ஒட்டி நிற்கும் நைட்ரஜனைத் தேடுங்கள். கிடைத்ததும் அந்த நைட்ரஜனின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே இன்னொரு அமினோ அமிலத்தின் ஆல்ஃபா கார்பன் இருந்தால்தான் கணக்கில் சேரும். அஸ்பரஜின், குளுட்டமின் இரண்டின் பக்கச் சங்கிலியிலும் CONH2 இருக்கிறது. C=O உண்டு, நைட்ரஜன் உண்டு, ஆனால் அந்த நைட்ரஜன் வேறெதோடும் சேரவில்லை. அது அமைடு, பெப்டைடு பிணைப்பு அல்ல. நைட்ரஜனில் ஒரு ஹைட்ரஜனாவது இருக்க வேண்டும் என்று மனத்தில் விதி வைத்துக்கொள்ளவும் கூடாது. புரோலினின் நைட்ரஜன் தன் பக்கச் சங்கிலியோடு வளையமாகச் சேர்ந்திருப்பதால், பெப்டைடு பிணைப்பில் சேர்ந்த பிறகு அதற்கு ஹைட்ரஜனே இருக்காது.

ஐந்தாம் படி: முனைகளும் மின்சுமையும்

pH 7 அளவில் இந்த மூலக்கூறு எப்படி இருக்கும் என்று கேட்டால், N-முனை NH3+ ஆகவும் C-முனை COO- ஆகவும் இருக்கும். பக்கச் சங்கிலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். குளுட்டமிக் அமிலத்தின் பக்கச் சங்கிலிக் கார்பாக்சிலின் pKa சுமார் 4. pH அதைவிட நன்றாக மேலே இருப்பதால் அது புரோட்டானை இழந்து COO- ஆகிவிடும். சிஸ்டீனின் SH-க்கு pKa சுமார் 8.3. pH 7 அதற்குக் கீழே இருப்பதால் பெரும்பகுதி SH ஆகவே இருக்கும்.

```
        O       O
        ‖       ‖
+H3N-CH-C-NH-CH-C-NH-CH2-COO-
     |       |
     CH2     CH2
     |       |
     CH2     SH
     |
     COO-
```

ஒரு நேர்மின்சுமை, இரண்டு எதிர்மின்சுமை; நிகரமாக -1. இங்கே இரண்டு COO- இருப்பதால் எதை C-முனை என்று எழுதுவது என்ற குழப்பம் வரும். முதன்மைச் சங்கிலியில் விரல் வைத்து 1-லிருந்து 9 வரை நடங்கள். 9-இல் நிற்பதுதான் C-முனை. மற்றது பக்கச் சங்கிலியில் இருப்பது, அதை முனை என்று எழுதக் கூடாது. லைசின் உள்ள வரிசையில் இதே சிக்கல் NH3+ பக்கம் வரும், தீர்வும் இதேதான்.

4, 7 ஆகிய நைட்ரஜன்களுக்கு நேர்மின்சுமை போடுவது அடிக்கடி பார்க்கும் பிழை. அவற்றின் தனி இணை C=O பக்கம் பரவிக் கிடப்பதால் அவை சாதாரண pH-இல் புரோட்டானை ஏற்காது. அமினோ முனையைத் தவிர முதன்மைச் சங்கிலியில் வேறெந்த நைட்ரஜனுக்கும் மின்சுமை கிடையாது.

சரிபார்ப்பு: அணுக்களை எண்ணுவது

வரைந்து முடித்ததும் இதைச் செய்யாமல் தாளை மூடாதீர்கள். குளுட்டமிக் அமிலம் C5H9NO4, சிஸ்டீன் C3H7NO2S, கிளைசின் C2H5NO2. மூன்றையும் கூட்டினால் C10H21N3O8S. இரண்டு பெப்டைடு பிணைப்புகளுக்கு இரண்டு நீர் மூலக்கூறுகளைக் கழித்தால் C10H17N3O6S. மூலக்கூறு எடை சுமார் 307.3.

இப்போது நடுநிலைப் படத்தில் எண்ணுங்கள். முதன்மைச் சங்கிலியில் ஆறு கார்பன், குளுட்டமிக் பக்கச் சங்கிலியில் மூன்று, சிஸ்டீனுடையதில் ஒன்று, பத்து சரி. ஆக்சிஜன் பெப்டைடு பிணைப்புகளில் இரண்டு, இரண்டு கார்பாக்சில்களில் நான்கு, ஆறு சரி. ஹைட்ரஜன் 17-க்குப் பதில் 19 வந்து ஆக்சிஜனும் ஒன்று கூடியிருந்தால், ஒரு நீரைக் கழிக்க மறந்திருக்கிறீர்கள். ஹைட்ரஜன் மட்டும் ஒன்றோ இரண்டோ குறைந்தால் பெரும்பாலும் NH-இன் ஹைட்ரஜனை விட்டிருப்பீர்கள். மின்சுமை போட்ட படத்தில் ஹைட்ரஜன் 16 தான் வரும், அதில் தவறில்லை. இரண்டு COOH ஒவ்வொரு புரோட்டானை இழந்தன, ஒரு NH2 ஒன்றைப் பெற்றது, நிகர இழப்பு ஒன்று.

கணினியில் வரைந்து ஒப்பிட விரும்பினால், மூலக்கூறு வரையும் மென்பொருள் எதிலும் கீழே உள்ள SMILES வரியை ஒட்டிப் பாருங்கள். முப்பரிமாணக் குறிப்போடு இதே மூலக்கூறு வரும்.

```
N[C@@H](CCC(=O)O)C(=O)N[C@@H](CS)C(=O)NCC(=O)O
```

அதே மூன்று பெயர்கள், வேறு மூலக்கூறு

இந்த வரிசையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருக்கும் குளுட்டாதயோன் இதே மூன்று அமினோ அமிலங்களால், இதே ஒழுங்கில் ஆனது. வாய்பாடும் இதே C10H17N3O6S. ஆனால் மேலே வரைந்தது குளுட்டாதயோன் அல்ல. சருமத்தை வெளுக்க வைக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் பொருள்களால் இந்தப் பெயர் இன்று பரவலாகத் தெரிகிறது. அதன் படத்தைத் தேடுபவர்கள் சில நேரம் மேலே உள்ள அமைப்பைப் போட்டுவிடுகிறார்கள்.

வேறுபாடு முதல் பிணைப்பில் இருக்கிறது. குளுட்டமிக் அமிலத்தில் கார்பாக்சில்கள் இரண்டு: ஒன்று ஆல்ஃபா கார்பனை ஒட்டியது, மற்றது பக்கச் சங்கிலியின் நுனியில், காமா கார்பனை ஒட்டியது. குளுட்டாதயோனில் சிஸ்டீன் சேர்ந்திருப்பது அந்தப் பக்கச் சங்கிலியின் நுனியோடு. ஆல்ஃபா கார்பாக்சில் தனியாக நிற்கிறது. அதனால் அதன் வரிசையை γ-Glu-Cys-Gly என்று எழுதுவார்கள். முன்னால் நிற்கும் அந்தக் காமா குறியைக் கவனிக்காமல் விட்டால் படமே மாறிவிடும்.

```
                O       O
                ‖       ‖
+H3N-CH-CH2-CH2-C-NH-CH-C-NH-CH2-COO-
     |               |
     COO-            CH2
                     |
                     SH
```

நாம் சொன்ன N-C-C தாளம் இங்கே முதல் அமினோ அமிலத்தில் உடைகிறது. நைட்ரஜனுக்குப் பிறகு ஆல்ஃபா கார்பன், பிறகு இரண்டு CH2, அதன் பிறகே C=O. அமினோ முனை அதே இடத்தில்தான், கிளைசினின் கார்பாக்சில் முனையும் அதே இடத்தில்தான். ஆனால் முதல் பிணைப்பு வழக்கமான பெப்டைடு பிணைப்பு அல்ல, காமா-குளுட்டமைல் பிணைப்பு. அதைக் குறிக்கும்போது அப்படியே பெயர் எழுதுவது நல்லது. ரைபோசோம் இந்தப் பிணைப்பை உண்டாக்காது. செல்லில் அதற்கெனத் தனி நொதி இருக்கிறது. பெப்டைடுகளை அறுக்கும் வழக்கமான நொதிகளாலும் இதை வெட்ட முடிவதில்லை. இதை வெட்டும் நொதிக்குக் காமா-குளுட்டமைல் டிரான்ஸ்ஃபரேஸ் என்று பெயர். கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை அறிக்கையில் GGT என்று ஒரு வரி இருக்குமே, அந்த நொதியேதான் அது.

ஃபிரெட்ரிக் கவ்லண்ட் ஹாப்கின்ஸ் 1921-இல் இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தபோது, குளுட்டமிக் அமிலமும் சிஸ்டீனும் மட்டும் சேர்ந்த டைபெப்டைடு என்றே கருதினார். கிளைசினும் உண்டு என்பது 1929-இல்தான் உறுதியானது. கிளைசினுக்குப் பக்கச் சங்கிலியே இல்லாததால் படத்தில் அதை விட்டுவிடுவது இன்றும் நடக்கிறது. ஒன்பது அணுக்களுக்கு எண் போட்டிருந்தால் 7, 8, 9 எங்கே என்று கேட்கத் தோன்றும்.

முனைகள் மூடியிருந்தால்

மேலே சொன்னதெல்லாம் இரு முனைகளும் திறந்திருக்கும் டிரைபெப்டைடுக்கு. வரிசையின் இரு பக்கமும் கூடுதலாக ஏதாவது எழுதியிருந்தால் நிதானமாகப் படிக்க வேண்டும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை வெளிவிடச் செய்யும் மூளை ஹார்மோனான TRH-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை pGlu-His-Pro-NH2 என்று எழுதுவார்கள். முன்னால் உள்ள p என்ற எழுத்து, குளுட்டமிக் அமிலத்தின் அமினோ நைட்ரஜன் தன் பக்கச் சங்கிலியின் கார்பாக்சிலோடு சேர்ந்து ஐந்தணு வளையமாகிவிட்டது என்பதைக் காட்டும். பின்னால் உள்ள NH2, கடைசிக் கார்பாக்சில் அமைடாக மாறியிருக்கிறது என்பதைக் காட்டும். 1969-இல் இதன் அமைப்பைத் தேடிய ஆய்வகங்களில், மூன்று அமினோ அமிலங்களையும் சாதாரணமாகச் சேர்த்துப் பார்த்தபோது ஹார்மோனின் செயல் இல்லை. இரு முனைகளையும் இப்படி மூடிய பிறகே முழுச் செயல் தெரிந்தது.

வரையும் முறையில் மாற்றமில்லை. ஒன்பது அணுக்களைப் போடுங்கள், 3-4, 6-7 பிணைப்புகளைக் குறியுங்கள். பிறகு 1-ஆம் நைட்ரஜனைக் குளுட்டமிக் பக்கச் சங்கிலியின் C=O-வோடு இணையுங்கள், 9-ஆம் கார்பனில் OH-க்குப் பதில் NH2 போடுங்கள். 7-ஆம் நைட்ரஜன் புரோலினுடையது என்பதால் அதற்கு ஹைட்ரஜன் வேண்டாம். படத்தில் C=O-வை ஒட்டிய நைட்ரஜன்கள் இப்போது நான்கு இருக்கும். அவற்றில் இரண்டு பெப்டைடு பிணைப்பு, ஒன்று வளையத்துக்குள் இருக்கும் அமைடு, ஒன்று முனை அமைடு. N-முனையிலும் C-முனையிலும் போட மின்சுமை எதுவும் இல்லை.